பம்ப் மாறினால் மூச்சும் மாற வேண்டும்

கோலசிலாங்கூர் எஸ்டேட் பக்கம் ஆஸ்துமாக்காரர்கள் ‘பம்ப்’ என்று சொல்வது பெரும்பாலும் அழுத்தி அடிக்கும் உலோகக் குப்பியைத்தான். அதற்குப் பதிலாகக் கிளினிக்கில் தூள் மருந்துள்ள டர்புஹேலரைக் கொடுத்தால், பலர் பழைய மாதிரியே மெதுவாக உறிஞ்சுகிறார்கள். அங்கேதான் மருந்து வீணாகிறது.

குப்பிக்குள் அழுத்தப்பட்ட வாயு இருக்கிறது. அதுவே மருந்தை வேகமாகத் தள்ளிவிடும். நாமும் வேகமாக இழுத்தால் துளிகள் தொண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். எனவே குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடி இழுக்க வேண்டும்.

டர்புஹேலரில் தள்ளும் வாயு கிடையாது. நம் மூச்சுதான் இன்ஜின். கட்டியான தூளை நுண்துகளாக உடைக்க, முதல் நொடியிலிருந்தே பலமாக இழுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து, அடிப்பிடியை ஒருபுறம் திருப்பி ‘கிளிக்’ கேட்கும்வரை திரும்பக் கொண்டுவந்தால் ஒரு டோஸ் தயார். டர்புஹேலருக்குள் ஊதவே கூடாது. ஈரம் பட்டால் தூள் கட்டிதட்டும். கடலோரப் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைப்பதும் தவறு. தூள் ருசியே தெரியாததால் மருந்து வரவில்லை என்று மறுபடி திருப்புவார்கள், தேவையில்லை.

இரண்டிலும் இழுத்தபின் 10 விநாடி மூச்சை அடக்குங்கள்.

பம்பில் இருப்பது ஸ்டீராய்டு என்றால், இழுக்கும் மருந்தில் ஒரு பகுதி வாயிலேயே படியும். அது அங்குள்ள எதிர்ப்பைக் குறைப்பதால் கேண்டிடா பூஞ்சை வளர்ந்து, நாக்கில் வெள்ளைப் படலம் வரும், குரலும் கம்மலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் தொண்டைவரை கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். வெள்ளை படிந்தால் பம்பை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.