ஒரே பில், மூன்று படிகள்

எட்கர் காட் 1970-களின் தொடக்கத்தில் வகுத்த நார்மலைசேஷன் விதிகளை வரையறையிலிருந்து தொடங்கினால் மனத்தில் ஒட்டாது. ஒரு மளிகைக்கடையின் பில் அட்டவணையைப் பலகையில் எழுதுவதே நல்ல தொடக்கம்.

ஒரே கட்டத்தில் 'அரிசி, பருப்பு' என்று இருக்கிறது. பொருளுக்கு ஒரு வரியாகப் பிரித்தால் முதல் நிலை. இனி பில் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்தே ஒரு வரியை அடையாளம் காட்டும். ஆனால் பொருளின் பெயரை அறியப் பொருள் எண் போதும்; தேதிக்கும் வாடிக்கையாளருக்கும் பில் எண் போதும். அவற்றைத் தனி அட்டவணைகளாக்கினால் இரண்டாம் நிலை. விலையை மட்டும் அவசரப்பட்டு நகர்த்தக் கூடாது. நாளை அரிசி விலை ஏறினால் பழைய பில்லின் தொகையும் மாறிவிடும். விற்ற விலை பில் வரியிலேயே இருக்கட்டும்.

பில் அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணோடு அவருடைய தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பில்லிலும் திரும்ப வருகிறது. ஒன்றைத் திருத்த மறந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள். வாடிக்கையாளர் விவரத்தைத் தனியே பிரித்ததும் மூன்றாம் நிலை. திருத்தம் ஒரே வரியில் முடிகிறது.