வீட்டுக் கடனில் டாப்-அப்: சமையலறையைப் பெரிசாக்கும் முன் ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் பாலிங், கூப்பாங், கோல கெட்டில் பக்கத்துத் தாமான்களில் சிமெண்டு மூட்டையும் மணலும் வாசலில் வந்து இறங்கிவிடும். பின்பக்கச் சமையலறையை நீட்டுவது, கூரை மாற்றுவது, காருக்குக் கொட்டகை போடுவது என்று ஆளுக்கொரு வேலை. காசுக்கு எங்கே போவது என்று கேட்டால், "ஏற்கனவே வீட்டு லோன் இருக்கே, அதிலேயே டாப்-அப் கேளுங்க" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வங்கி எவ்வளவு தரும், அதற்கு நாம் எவ்வளவு கட்டுவோம் என்ற இரண்டையும் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் கடன் அரசாங்க ஊழியர்களுக்கான எல்.பி.பி.எஸ்.ஏ.வில் இருந்தால், அது வங்கிக் கடன் அல்ல. வீட்டு கிராண்டில் அவர்கள் பெயர்தான் அடமானமாகப் பதிவாகியிருக்கும். அந்த வீட்டைக் காட்டி இன்னொரு வங்கியில் டாப்-அப் கேட்டு அலையாதீர்கள். வீடு புதுப்பிக்க அவர்களிடமே என்ன திட்டம் இருக்கிறது, உங்கள் தகுதி என்ன என்று நேராக அங்கேயே கேளுங்கள். கீழே வருவதெல்லாம் வங்கியில் கடன் உள்ளவர்களுக்கு.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2012-இல் 180,000 வெள்ளிக்கு ஒரு மாடி வரிசை வீடு வாங்கினார்கள். 90 விழுக்காடு கடன், அதாவது 162,000 வெள்ளி, 30 ஆண்டுக்கு. வட்டியைச் சராசரியாக 4.5% என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 821 வெள்ளி. பதின்மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியும், இன்னும் பாக்கி ஏறக்குறைய 117,000 வெள்ளி இருக்கும். "இவ்ளோ கட்டியும் இவ்வளவுதான் கொறைஞ்சதா?" என்று வயிறு எரியும். ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது, அதனால்தான் அப்படி.

பக்கத்து வீடு 260,000-க்கு விற்றது என்று கேள்விப்பட்டு, தங்கள் வீடும் அதே விலைதான் என்று இவர்கள் நினைக்கிறார்கள். வங்கி மதிப்பில் 80 விழுக்காடு வரை தரும் என்று வைத்துக்கொள்வோம் (வங்கிக்கு வங்கி இது மாறும்). 260,000-இல் 80% என்றால் 208,000. பாக்கியான 117,000-ஐக் கழித்தால் 91,000 வெள்ளி கிடைக்கும். சமையலறையும் கார் கொட்டகையும் சேர்த்து 85,000 ஆகும் என்று கான்ட்ரெக்டர் சொல்லியிருக்கிறார். "தாராளமா போதும்" என்று முன்பணமும் கொடுத்துவிட்டார்கள்.

தப்பு இங்கேதான். வங்கி நம் விலையையும் பார்க்காது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விலையையும் பார்க்காது. தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் அந்த வட்டாரத்தில் உண்மையில் பதிவான விற்பனைகளைப் பார்ப்பார். சிறு ஊரில் விற்பனை குறைவு, ஆகவே விலையை இழுத்துப் பிடித்துத்தான் எழுதுவார். முன்பு மாவட்ட மன்றத்தில் பிளான் போட்டு அனுமதி வாங்காமல் கட்டிய பின்பக்க அறையையும் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார். நம் உதாரணத்தில் மதிப்பு 225,000 என்று வந்தது. 80% என்றால் 180,000. பாக்கியைக் கழித்தால் 63,000. கார் கொட்டகை அடிபட்டுப் போனது. இவர்கள் 60,000 கேட்டார்கள்.

ஆகவே கான்ட்ரெக்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியிடம், "வாய்மொழியா ஒரு மதிப்பு எடுத்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நிறைய வங்கிகள் இதை மதிப்பீட்டாளரிடம் போன் போட்டே கேட்டுச் சொல்லும். கடைசி அறிக்கையில் அது கொஞ்சம் மாறலாம், ஆனால் 30,000 வெள்ளி தள்ளிப் போகாது.

அடுத்தது பேஸ்லிப். கைக்கு வரும் சம்பளத்தில் எவ்வளவு கடனுக்குப் போகிறது என்று வங்கி பார்க்கும். அங்காசா வழியாகப் பிடிக்கும் கூட்டுறவுக் கடனையும் காரையும் கிரெடிட் கார்டையும் சேர்த்துத்தான். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் கடந்த 12 மாதக் கட்டண நிலை தெரியும். eCCRIS-இல் நீங்களே இலவசமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். எதிர்பாராத ஒன்று அங்கே எட்டிப் பார்த்து, வங்கி அதிகாரி முன்னால் நாம் திணறுவதைவிட அது மேல்.

இப்போது முக்கியமான இடம், தவணைக் காலம். அதே 60,000, அதே 4.5% வட்டி. பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 622 வெள்ளி. மொத்த வட்டி ஏறத்தாழ 14,600. இருபது ஆண்டாக்கினால் மாதம் 380 தான், கையில் லேசாக இருக்கும். ஆனால் மொத்த வட்டி 31,000-ஐத் தாண்டும். சமையலறைக்கு ஒன்றரை மடங்கு விலை!

இதைக் கூட்டுறவிலோ வங்கியிலோ வாங்கும் தனிநபர் கடனோடு ஒப்பிடுங்கள். 5% நிலை வட்டி, பத்து ஆண்டு என்றால் வட்டி 30,000, மாதம் 750. "5 தானே, 4.5-க்கும் அதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். நிலை வட்டி ஆரம்பக் கடன் மீதே கடைசி மாதம் வரை போடப்படுகிறது. குறையும் பாக்கி மீது கணக்கிட்டால் அது ஏறக்குறைய 8.7% ஆகிறது. ஆக, பத்து ஆண்டு டாப்-அப்தான் மலிவு. ஆனால் இருபது ஆண்டுக்கு இழுத்தால், அதே டாப்-அப் தனிநபர் கடனைவிட அதிக வட்டியைத் தின்றுவிடும். சில வங்கிகள் டாப்-அப் தொகைக்குக் குறுகிய காலம்தான் தருவார்கள். அது நமக்குப் பிடிக்காவிட்டாலும் நமக்கு நல்லதே.

நீண்ட காலம்தான் கிடைக்கிறது என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கூடக் கட்டினா அது அசல்ல கழியுமா, இல்ல அடுத்த மாசத் தவணையா போகுமா?" முன்கூட்டிய தவணையாக மட்டும் எழுதிக்கொண்டால் வட்டி குறையாது. அசலில் கழிக்க எழுத்து மூலம் சொல்ல வேண்டியிருக்கலாம்.

சலுகைக் கடிதம் வந்ததும் மூன்று இடங்களைப் படித்துப் பாருங்கள். டாப்-அப் தனிக் கணக்கா, அல்லது பழைய கடனோடு கலந்து புது வட்டி, புதுக் காலம் போட்டுவிட்டார்களா? கலந்திருந்தால் நீங்கள் பதின்மூன்று வருடம் கட்டிய கடன் மீண்டும் நீளும். 2015-க்கு முன் எடுத்த பி.எல்.ஆர். கடனுக்கு நல்ல வட்டிக் கழிவு வாங்கியிருந்தால் அதையும் இழக்கலாம். அடுத்து, முன்கூட்டிக் கட்டி முடித்தால் அபராதம் விதிக்கும் காலம் திரும்பத் தொடங்குகிறதா? கடைசியாக, பணம் உங்கள் கணக்குக்கு வருமா, இல்லை வேலை முடிய முடிய கான்ட்ரெக்டருக்குக் கட்டம் கட்டமாகப் போகுமா? கட்டமாகப் போவது நமக்குத்தான் பாதுகாப்பு. ஒரே நாளில் 60,000-ஐக் கையில் பார்த்த கான்ட்ரெக்டர் சில சமயம் அடுத்த தாமானில்தான் காணப்படுவார்.

செலவும் உண்டு. கடன் பத்திரத்தின் முத்திரை வரி 0.5%, அதாவது 60,000-க்கு 300 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் 1.25% என்றால் 750. அதற்குமேல் மதிப்பீட்டாளர், சேவை வரி, பதிவுச் செலவுகள். இரண்டாயிரம் வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். வேறு வங்கிக்கு முழுக் கடனையும் மாற்றினால், இந்த விழுக்காடுகள் 60,000-க்கு அல்ல, முழுத் தொகைக்கும் போடப்படும். டாப்-அப்பின் ஆதாயமே இதுதான்.

வேலை முடிந்ததும் காப்புறுதியையும் பாருங்கள். 2022 ஜூலை 4 அன்று கம்போங் இபோயில் வந்த வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. சாதாரணத் தீ காப்புறுதி வெள்ளத்துக்குப் பொருந்தாது. வீட்டு உரிமையாளர் காப்புறுதியில்தான் வெள்ளம் சேரும். காப்புத் தொகை பழைய சமையலறையின் மதிப்பிலேயே நின்றிருந்தால், புதுச் சமையலறை கடனில் மட்டும் இருக்கும், காப்புறுதியில் இருக்காது.