உப்புப் படிகத்தில் காலியிடங்களும் மின்கடத்தலும்

சோடியம் குளோரைடுப் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்னூட்டம் உடைய ஆறு அயனிகள் சூழ்ந்து நிற்கின்றன. இவ்வடுக்கு முழுமையானதாயின் ஓர் அயனி பெயர்ந்து செல்ல இடமே இராது. எனினும் சூடேற்றிய உப்பு, தான் உருகும் 801 பாகை செல்சியசை எய்துமுன்னரே மின்சாரத்தைச் சிறிது கடத்துகின்றது. ஆங்கு மின்னைச் சுமந்து செல்வன எலெக்ட்ரான்கள் அல்ல, அயனிகளே. ஆதலின் அடுக்கில் குறைகள் உள்ளன என்பது பெறப்படும். அக்குறைகளின் அளவை மின்நடுநிலை எவ்வாறு வரையறுக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

குறைகள் இருவகைப்படும். ஓர் அயனி தன் இடத்தை விட்டு அயனிகளுக்கு இடைப்பட்ட வெளியில் புகுமாயின், ஒரு காலியிடமும் ஓர் இடைநிலை அயனியும் ஒருங்கே தோன்றும். இதனை 1926-இல் பிரெங்கல் எடுத்துரைத்தார். நேர் அயனி ஒன்றும் எதிர் அயனி ஒன்றும் தத்தம் இடங்களை விட்டுப் படிகத்தின் புறப்பரப்பை அடையுமாயின், இருவகைக் காலியிடங்கள் இணையாக எஞ்சும். இதனை ஷாட்கி குறை என்பர். உப்பில் மிகுதியாக உள்ளது இவ்வகையே.

சோடியம் இல்லாத இடம் எதிர் மின்னூட்டம் உடையதுபோலவும், குளோரைடு இல்லாத இடம் நேர் மின்னூட்டம் உடையதுபோலவும் இயங்கும். படிகம் முழுவதும் மின்நடுநிலையில் நிற்க வேண்டுமாதலின், தூய உப்பில் இவ்விரண்டும் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் வேண்டும். இவை தோன்றுவதும் மீண்டும் கூடி மறைவதும் சமநிலையில் இருப்பதால், ஒரு வெப்பநிலையில் இரண்டின் செறிவுகளின் பெருக்கற்பலன் மாறாதது.

இனி, சிறிதளவு கால்சியம் குளோரைடைச் சேர்ப்போம். கால்சியம் அயனி இரட்டை மின்னூட்டம் உடையது. அது ஒரு சோடியத்தின் இடத்தில் அமர்ந்தால் ஒரு மின்னூட்டம் மிகுதியாகும். அதனை ஈடுசெய்ய மற்றொரு சோடியம் இடம் காலியாக வேண்டும். ஆகவே சோடியக் காலியிடங்களின் எண்ணிக்கை, குளோரைடுக் காலியிடங்களையும் கால்சியத்தையும் கூட்டிய தொகைக்குச் சமமாகும்.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவோம். ஒரு வெப்பநிலையில் தூய உப்பின் பத்து இலட்சம் சோடிய இடங்களுள் ஒன்று காலியாக உள்ளதெனக் கொள்வோம். பத்து இலட்சத்துக்குப் பத்து என்ற அளவில் கால்சியம் சேர்ந்தால், சோடியக் காலியிடங்கள் 10.1 ஆகப் பெருகும். குளோரைடுக் காலியிடங்கள் 0.099 ஆகக் குறையும். இரண்டின் வேறுபாடு பத்து. பெருக்கற்பலன் முன்போல் ஒன்றே. உப்பில் பெரும்பாலும் மின்னைச் சுமப்பது சோடியக் காலியிடமே ஆதலின், கடத்துதிறன் ஏறத்தாழப் பத்து மடங்காகும். கால்சியம் தான் நகர்ந்து இவ்வுயர்வைத் தரவில்லை. அது படைத்த காலியிடமே தந்தது.

காலியிடம் உண்மையில் தோன்றுகின்றதா என்பதை அடர்த்தியால் அறியலாம். பொட்டாசியம் குளோரைடில் 39.1 நிறையுடைய இரு பொட்டாசிய அயனிகள் நீங்கி, 40.1 நிறையுடைய ஒரே கால்சியம் புகுகின்றது. ஓரிடம் வெறுமையாக நின்றால் அடர்த்தி குறைய வேண்டும். 1950-இல் பிக், வெபர் ஆகியோர் அளந்தபோது அவ்வாறே குறைந்தது.

வெள்ளி புரோமைடு வேறொரு பாடம் புகட்டுகின்றது. அதில் பிரெங்கல் குறையே மேலோங்கும். இடைநிலை வெள்ளி அயனி காலியிடத்தினும் விரைந்து நகர்வது. காட்மியம் புரோமைடைச் சிறிது சேர்த்தால் காலியிடங்கள் பெருகி, இடைநிலை அயனிகள் குறையும். ஆகவே கடத்துதிறன் முதலில் தாழ்கின்றது. மேலும் சேர்த்தால் காலியிடங்களின் மிகுதியால் மீண்டும் ஏறுகின்றது. 1937-இல் கோக், வாக்னர் ஆகியோரும், 1949-இல் டெல்டோவும் இத்தகைய சேர்க்கைகளை ஆராய்ந்தனர். அத்தாழ்வுப்புள்ளியே மின் சுமப்போர் இருவர் என்பதற்கும், இருவரும் வெவ்வேறு விரைவினர் என்பதற்கும் சான்று.

இக்கணக்கிற்கு எல்லையும் உண்டு. வெப்பம் குறையுங்கால் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கால்சியத்தின் அருகில் சோடியக் காலியிடம் கட்டுண்டு நிற்கும். இருவகைக் காலியிடங்களும் இணைந்து ஒரு சோடியாகவும் திரியும். இவை மின்நடுநிலை உடையவாதலின் மின்னைச் சுமவா. ஆயினும் இவற்றின் வழியாக அயனிகள் இடம்பெயரும். எனவே கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு அளக்கும் பரவல், கடத்துதிறனிலிருந்து கணித்த பரவலினும் மிகுந்து காணப்படும். இவ்வேறுபாடே நடுநிலை இணைகளைக் காட்டிக்கொடுக்கின்றது. படிகம் முழுவதையும் நடுநிலையாக்கும் விதி கடத்தும் காலியிடங்களைப் படைக்கின்றது. அருகருகே நேரும் நடுநிலையாக்கமோ அவற்றையே முடக்குகின்றது.