படத்தில் இருப்பது யார்?

கயல்விழிக்கு அண்மையில்தான் பதினாறு வயது நிறைவடைந்தது. ஆண்டிறுதி விடுமுறையில் அவள் லண்டனில் வசிக்கும் தன் சித்தியைப் பார்க்கச் செல்லவிருந்தாள். அவளுடைய கடப்பிதழ் காலாவதியாகியிருந்ததால், புதிய கடப்பிதழுக்கு இணையம்வழி விண்ணப்பிக்க அவளுடைய அப்பா முடிவு செய்தார். அதற்கு ஒரு நிழற்படம் தேவைப்பட்டது.

கயல்விழி தன் கைத்தொலைபேசியில் ஒரு தற்படம் எடுத்தாள். பின்னணியில் அலமாரி தெரிந்தது. நெற்றியில் இரண்டு பருக்கள் இருந்தன. அவள் அந்தப் படத்தை ஒரு செயலியில் ஏற்றி, “பின்னணியை வெள்ளையாக்கு, பருக்களை நீக்கு” என்று தட்டச்சு செய்தாள். சில நொடிகளில் தூய வெள்ளைப் பின்னணியுடன் புதிய படம் வந்தது. பருக்களும் மறைந்திருந்தன.

அதைப் பார்த்த அப்பா, “படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், உன் இடப்புருவத்தில் இருக்கும் தழும்பு எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

கயல்விழி வியப்புடன் உற்றுப் பார்த்தாள். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஏற்பட்ட அந்தத் தழும்பை நீக்கும்படி அவள் கேட்கவே இல்லை. இருந்தும் அது காணாமற்போயிருந்தது. ஏன்?

செயலி செய்தது திருத்தமா?

முன்பெல்லாம் படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் நாம் சுட்டிக்காட்டிய இடத்தில் மட்டும் நிறத்தையோ ஒளியையோ மாற்றின. மற்ற இடங்கள் அப்படியே இருந்தன. ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்ட செயலிகள் பல அவ்வாறு செயல்படுவதில்லை. அவை படத்தைச் சுருக்கமான எண்களின் தொகுப்பாக மாற்றிக்கொள்கின்றன. பிறகு, நாம் சொன்ன குறிப்புக்கு ஏற்ப அந்த எண்களை மாற்றி, அவற்றிலிருந்து படத்தை மீண்டும் வரைகின்றன.

ஒரு நண்பரின் முகத்தை நீங்கள் ஓவியரிடம் சொற்களால் விவரிப்பதாக வைத்துக்கொள்வோம். “வட்ட முகம், அடர்ந்த புருவம், சிறிய மூக்கு” என்று சொல்கிறீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டவற்றை ஓவியர் தமக்குப் பழக்கமான முகங்களைக் கொண்டு நிரப்புவார். செயலியும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. சுருக்கும்போது தொலைந்துபோன நுண்ணிய விவரங்களை, தான் பயின்ற எண்ணற்ற முகங்களின் போக்கைக் கொண்டு அது ஊகித்து நிரப்புகிறது. புருவத்தில் தழும்பு உள்ளவர்கள் குறைவு. ஆகவே, செயலி தழும்பற்ற புருவத்தை வரைந்துவிட்டது.

அப்பா மூலப்படத்தையும் புதிய படத்தையும் ஒரே அளவில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார். அப்போது மேலும் சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. காது மடலின் ஓரம் வேறு வடிவம் பெற்றிருந்தது. முடி தொடங்கும் கோடு சற்றுக் கீழே இறங்கியிருந்தது. கண்கள் சிறிதளவு பெரிதாகியிருந்தன. தனியாகப் பார்த்தபோது கயல்விழியைப் போலவே இருந்த அந்தப் படம், மூலத்துடன் ஒப்பிட்டபோது அவளுடைய தங்கையைப் போலத் தோன்றியது.

சில்லில் இருக்கும் முகம்

“இவ்வளவு சிறிய மாற்றத்தால் என்ன ஆகிவிடும்?” என்று கயல்விழி கேட்டாள். நியாயமான கேள்விதான். விடை காண, கடப்பிதழில் அந்தப் படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நாம் அறிய வேண்டும்.

இன்றைய மின்கடப்பிதழில் ஒரு சிறிய சில்லு பதிக்கப்பட்டுள்ளது. உரியவரின் பெயர், பிறந்த நாள் முதலிய விவரங்களுடன் அவருடைய முகப்படமும் அதில் சேமிக்கப்படுகிறது. கைரேகையையும் கருவிழியையும் சில்லில் சேர்ப்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஆனால், அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தர விதிப்படி, முகப்படம் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நாட்டிற்குச் சென்றாலும் அங்குள்ளவர்கள் ஒருவரைச் சரிபார்க்கப் பொதுவாக நம்பியிருப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

பிரிட்டனின் விமான நிலையங்களில் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் தானியங்கி வாயில்களைப் பயன்படுத்தலாம். அங்கே பயணி கடப்பிதழை வைத்ததும், கருவி சில்லிலுள்ள படத்தைப் படிக்கிறது. எதிரேயுள்ள கேமரா அவருடைய முகத்தை அப்போதே படம் எடுக்கிறது. கணினி இரு படங்களையும் தனித்தனியே எண் வரிசைகளாக மாற்றி, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்று கணக்கிடுகிறது. நெருக்கம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் வாயில் திறக்கும். இல்லையெனில், பயணி அதிகாரியிடம் அனுப்பப்படுவார்.

ஒரே மனிதரின் இரு படங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒளி மாறும், சிகை மாறும், வயதும் கூடும். அந்த இயல்பான மாற்றங்களுக்காகவே கணினி சற்று இடம் விட்டு வைத்திருக்கிறது. படத்தை முன்கூட்டியே மாற்றிக் கொடுப்பவர், அந்த இடத்தில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார். முதல் ஆண்டில் வாயில் திறக்கலாம். சிங்கப்பூரில் பதினாறு வயதை எட்டியவருக்கு வழங்கப்படும் கடப்பிதழ் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும். கயல்விழிக்கு இருபத்து நான்கு வயதாகும்போது, எட்டு ஆண்டுகளின் இயல்பான மாற்றமும் செயலி செய்த மாற்றமும் ஒன்றுசேரும். அன்று வாயில் திறக்காமல் போகலாம். தன் சொந்தக் கடப்பிதழில் இருப்பவர் தாம்தான் என்று அவர் ஓர் அதிகாரியிடம் விளக்க வேண்டியிருக்கும். அந்த அதிகாரி தேடும் அடையாளங்கள் தழும்பு, மச்சம், காதின் வடிவம் போன்றவை. செயலி அழித்ததும் அவற்றைத்தான்.

ஒரு முகத்தில் இருவர்

படத்தை மாற்றுவதால் மற்றோர் ஆபத்தும் உண்டு. மாற்றப்பட்ட படம் உரியவரை ஒத்திராமல் போவது ஒருபுறம் இருக்க, அது பிறரை ஒத்திருக்கவும் கூடும். இருவரின் முகங்களைக் கணினியில் கலந்து ஒரே முகமாக்கினால், அந்தப் படம் இருவருக்குமே பொருந்திவிடலாம். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினர்.

அது வெறும் அச்சமன்று என்பதை 2018-இல் ஜெர்மனியில் நடந்த நிகழ்வு காட்டியது. கலைஞர்களும் ஆர்வலர்களும் அடங்கிய ஒரு குழுவைச் சேர்ந்தவர், தம் முகத்தையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய வெளியுறவுக் கொள்கைத் தலைவர் ஃபெடெரிகா மொகெரினியின் முகத்தையும் கலந்து உருவாக்கிய படத்தைக் கொடுத்து, உண்மையான கடப்பிதழையே பெற்றார். கடப்பிதழ் போலியன்று, படம்தான் போலி. படம் பெறும் முறையிலுள்ள ஓட்டையை வெளிப்படுத்தவே இதைச் செய்ததாக அக்குழு கூறியது. ஜெர்மனி பின்னர்ச் சட்டத்தை மாற்றியது. 2025 மே மாதம் முதல் அங்கே கடப்பிதழுக்கான படம் அலுவலகத்திலேயே எடுக்கப்படுகிறது. அல்லது அங்கீகாரம் பெற்ற நிழற்படக் கலைஞர் அதைப் பாதுகாப்பான முறையில் நேரடியாக அனுப்புகிறார். மலேசியாவிலும் அடையாள அட்டைக்கான படம் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் நேரில்தான் எடுக்கப்படுகிறது.

கயல்விழிக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனால், படத்தைப் பெறும் அதிகாரிக்கு அவளுடைய எண்ணம் தெரியாது. பருவை மறைக்க மாற்றிய படத்தையும் ஆளை மறைக்க மாற்றிய படத்தையும் பார்த்த அளவில் பிரித்தறிவது கடினம். அதனால்தான் விதிகள் நோக்கத்தைக் கேட்காமல், மாற்றத்தையே தடுக்கின்றன. மென்பொருள், செயலி, வடிகட்டி, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றால் படத்தை மாற்றக்கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே கூறுகிறது. கணினி மென்பொருளால் மாற்றப்படாத படத்தையே பிரிட்டனும் கேட்கிறது. விதிக்குப் பொருந்தாத படம் நிராகரிக்கப்பட்டால், விண்ணப்பம் தாமதமாகும். பயண நாளோ காத்திருக்காது.

திருத்துவதைவிட மீண்டும் எடுப்பது எளிது

கயல்விழி செயலியிடம் கேட்ட இரண்டில் ஒன்று தேவையே இல்லாதது. பருக்கள் இருப்பதால் எந்தப் படமும் நிராகரிக்கப்படுவதில்லை. மற்றொன்று வெள்ளைப் பின்னணி. அது கட்டாயம் தேவை. ஆனால், அதற்குச் செயலி வேண்டாம். வெள்ளைச் சுவர் போதும்.

அப்பா அவளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். சுவரை ஒட்டி நின்றால் தலையின் நிழல் பின்னால் விழும். சன்னல் ஒளி முகத்தின் இருபுறமும் சமமாகப் படும்படி அவளைத் திருப்பினார். கைத்தொலைபேசியிலிருந்த அழகூட்டும் வசதியையும் பின்னணியை மங்கலாக்கும் வசதியையும் நிறுத்தினார். இவை தாமாகவே செயல்பட்டு, நமக்குத் தெரியாமல் தோலையும் முடியின் ஓரத்தையும் மாற்றிவிடக்கூடியவை.

பிறகு அவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று, அவளுடைய கண்மட்டத்தில் கேமராவைப் பிடித்தார். இதற்கும் காரணம் உண்டு. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழம் இருப்பதாகக் கொள்வோம். கேமராவை மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால், காது 40 சென்டிமீட்டரில் இருக்கும். அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதிவாகும். 150 சென்டிமீட்டர் தள்ளி நின்றால், தொலைவுகள் 150, 160 என்றாகி, அந்த வேறுபாடு ஏழு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். கைநீட்டி எடுக்கும் தற்படத்தில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். குறை முகத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது.

எடுத்த படத்தை, கேட்கப்பட்ட அளவுக்கு வெட்டியெடுப்பதும் சிறிதாக்குவதும் தவறில்லை. சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் கேட்கும் படத்தின் அளவு அகலத்தில் 400 பிக்சல், உயரத்தில் 514 பிக்சல். ஆனால், விகிதத்தை மாற்றி இழுக்கக்கூடாது. இழுத்தால் முகமும் நீளும். படம் கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இன்று நாம் எப்படி இருக்கிறோமோ அதைத்தான் ஆணையம் கேட்கிறது.

மூன்றாவது முயற்சியில் நல்ல படம் கிடைத்தது. பருக்கள் இருந்தன. இடப்புருவத்தில் சிறு கோடுபோல அந்தத் தழும்பும் இருந்தது. கயல்விழி அதையே விண்ணப்பத்துடன் அனுப்பினாள். பருக்கள் சில வாரங்களில் மறைந்துவிடும். தழும்பு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவளை அடையாளம் காட்டும்.