ஒன்றையொன்று வெல்லும் பகடைகள்

ராமு சோமுவைவிட உயரம், சோமு பாலுவைவிட உயரம் என்றால், அளந்து பார்க்காமலே ராமு பாலுவைவிட உயரம் என்று சொல்லிவிடலாம். எடை, வயது, விலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கணிதப் பாடநூல்கள் இதைக் கடப்பு உறவு என்கின்றன. 'பெரும்பாலும் வெல்கிறது' என்ற உறவுக்கும் இது பொருந்தும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் அது பொருந்துவதில்லை. முதல் பகடை இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது நான்காவதையும் பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவுடன் வெல்ல, அந்த நான்காவது பகடை திரும்பி வந்து முதல் பகடையை அதே நிகழ்தகவுடன் வெல்லும்படி எண்களை அமைக்க முடியும். இதற்கு உள்ளே ஈயம் வைத்த மோசடிப் பகடை தேவையில்லை. ஒவ்வொரு முகமும் விழ சமவாய்ப்புள்ள நேர்மையான பகடைகளே போதும். முகங்களில் எழுதும் எண்களில்தான் எல்லாம் இருக்கிறது.

இத்தகைய பகடைகளில் மிகவும் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் வடிவமைத்த நான்கு பகடைத் தொகுதி. பிற்பாடு 1979இல் 'பூட்ஸ்டிராப்' என்ற புள்ளியியல் முறையைத் தந்து உலகப் புகழ் பெற்றவர் இவரே. 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் 1970 டிசம்பர் மாதக் கணித விளையாட்டுப் பத்தியில் மார்ட்டின் கார்ட்னர் இந்தப் பகடைகளைப் பற்றி எழுதினார். பொது வாசகர்களிடம் இவை பரவியது அதன் பிறகுதான். அடையாளத்துக்காக அவற்றுக்கு நிறம் கொடுத்துக்கொண்டால், முகங்களில் உள்ள எண்கள் இவை:

சிவப்பு: 4, 4, 4, 4, 0, 0
நீலம்: 3, 3, 3, 3, 3, 3
பச்சை: 6, 6, 2, 2, 2, 2
மஞ்சள்: 5, 5, 5, 1, 1, 1

இரண்டு பேர் ஆளுக்கொரு பகடையை உருட்டுகிறார்கள். பெரிய எண் விழுந்தவர் வென்றார். ஒரு பகடைக்கு ஆறு முகம் என்பதால் இரண்டு பகடைகள் சேர்ந்து விழக்கூடிய விதங்கள் 36. அந்த 36இல் எத்தனையில் யார் வெல்கிறார் என்று எண்ணினால் போதும்.

சிவப்பும் நீலமும் மோதினால் கணக்கு எளிது. நீலத்தில் எப்போதும் 3தான். சிவப்பில் 4 விழுந்தால் சிவப்புக்கு வெற்றி, 0 விழுந்தால் தோல்வி. நான்கு முகங்களில் 4 இருப்பதால் 36இல் 24 சிவப்புக்கு. நீலமும் பச்சையும் மோதும்போது பச்சையில் 2 விழுந்தால் நீலம் வெல்லும். 2 நான்கு முகங்களில் இருக்கிறது. ஆகவே இங்கும் 24, நீலத்துக்கு.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே கொஞ்சம் நிதானமாக எண்ண வேண்டும். பச்சையில் 6 விழுந்துவிட்டால் மஞ்சளில் எது விழுந்தாலும் பச்சைக்கு வெற்றி: 2 முகம் பெருக்கல் 6, மொத்தம் 12. பச்சையில் 2 விழுந்தால் மஞ்சளில் 1 விழுந்தால்தான் பச்சை வெல்லும்: 4 பெருக்கல் 3, இன்னொரு 12. கூட்டினால் மீண்டும் 24. கடைசியாக மஞ்சளும் சிவப்பும். மஞ்சளில் 5 விழுந்தால் வெற்றி உறுதி: 3 பெருக்கல் 6, மொத்தம் 18. மஞ்சளில் 1 விழுந்தாலும் சிவப்பில் 0 விழுந்திருந்தால் வெற்றி: 3 பெருக்கல் 2, அதாவது 6. இதுவும் 24.

சிவப்பு நீலத்தை, நீலம் பச்சையை, பச்சை மஞ்சளை, மஞ்சள் சிவப்பை என நான்கு மோதலிலும் வெல்லும் நிகழ்தகவு சரியாக மூன்றில் இரண்டு. எங்கும் சமநிலை வருவதில்லை. வட்டத்தில் எதிரெதிரே நிற்கும் பகடைகளுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. நீலமும் மஞ்சளும் மோதினால் 18க்கு 18. சிவப்பும் பச்சையும் மோதினால் பச்சைக்கு 20, சிவப்புக்கு 16.

இது எப்படி நேர்கிறது? விளையாட்டின் விதியைக் கவனித்தால் விடை தெரியும். வென்றது யார் என்பதை மட்டுமே அந்த விதி பார்க்கிறது. எவ்வளவு வித்தியாசத்தில் என்பதைப் பார்ப்பதில்லை. பச்சை நீலத்திடம் தோற்கும்போது ஒரே ஒரு புள்ளியில் தோற்கிறது. வெல்லும்போது மூன்று புள்ளியில் வெல்கிறது. சிவப்பு நீலத்தை வெல்வது ஒரு புள்ளியில், தோற்பது மூன்று புள்ளியில். விதிக்கு இவை அனைத்தும் ஒன்றே. ஆகவே எதிராளியைக் கொஞ்சமாகத் தாண்டும் எண்களைப் பல முகங்களில் எழுதி, தோற்க வேண்டிய இடத்தில் படுமோசமாகத் தோற்கவிட்டால், அந்தப் பகடைக்கு வெற்றியின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. சிவப்பின் இரண்டு பூச்சியங்கள் செய்வது அதைத்தான். அந்தப் பூச்சியங்கள் நீலத்துக்கு எதிராகப் பெரிய இழப்பாகத் தெரிவதில்லை. ஆனால் மஞ்சளின் 1 என்ற சொற்ப எண்ணுக்குக்கூட அவை வெற்றியைத் தாரை வார்க்கின்றன.

விதியை மாற்றி, புள்ளி வித்தியாசத்துக்கு ஏற்பப் பணம் கைமாறும் என்று வைத்தால் வட்டம் உடனே அறுந்துவிடும். அப்போது சராசரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிவப்பின் சராசரி ஏறத்தாழ 2.67, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் 3, பச்சைக்கு 3.33. சராசரிகளை வரிசைப்படுத்தலாம் என்பதால், நெடுநாள் ஆடினால் பச்சையை வைத்திருப்பவருக்கே லாபம். பச்சையை மூன்றில் இரண்டு முறை வெல்லும் நீலத்தை எதிர்த்து ஆடினாலும் அப்படித்தான்.

நான்கு பகடைகளையும் ஒரே நேரத்தில் உருட்டி, எல்லாவற்றிலும் பெரிய எண்ணுக்கு வெற்றி என்றாலும் காட்சி மாறிவிடுகிறது. பச்சையில் 6 விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. இல்லாவிட்டால் மஞ்சளின் 5, அதுவும் இல்லாவிட்டால் சிவப்பின் 4, எதுவுமே விழாதபோதுதான் நீலத்தின் 3. கணக்கிட்டால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒன்பதில் மூன்று, சிவப்புக்கு ஒன்பதில் இரண்டு, நீலத்துக்கு ஒன்பதில் ஒன்றே ஒன்று. தனியாக மோதினால் பச்சையை அடித்து வீழ்த்தும் நீலம் கூட்டத்தில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பகடை 'நல்லது' என்பதற்கு யாரோடு, எந்த விதியில் என்று கேட்காமல் பொருளே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

விளையாட்டில் இதைப் பயன்படுத்துபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிராளியை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அவர் எதை எடுத்தாலும் அதை வெல்லும் ஒன்று மீதியில் இருக்கும். பார்வைக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். முதலீட்டாளர் வாரன் பஃபெட் இப்படி பில் கேட்ஸை அழைத்தபோது, கேட்ஸ் பகடைகளை ஆராய்ந்துவிட்டு, முதலில் நீங்களே எடுங்கள் என்றார் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனாலும் மூன்றில் இரண்டு என்பது ஒரே உருட்டலில் நம்பத்தக்க பலம் அல்ல. மூன்றில் ஒரு முறை கையைச் சுட்டுவிடும். ஐந்து உருட்டலில் அதிகம் வென்றவருக்கே ஆட்டம் என்று வைத்தால் சரியான பகடையை எடுத்தவரின் வாய்ப்பு சுமார் 79 விழுக்காடாக உயர்கிறது. உருட்டல்கள் கூடக் கூட இது இன்னும் ஏறும்.

மூன்றே பகடைகளிலும் இந்த வட்டத்தை அமைக்கலாம். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும் மூன்றுக்கு மூன்று மாயச் சதுரத்தின் வரிசைகளே அதற்கு உதவும். ஒரு பகடையில் 2, 4, 9, அடுத்ததில் 1, 6, 8, மூன்றாவதில் 3, 5, 7 என்று எழுத வேண்டும். ஒவ்வொரு எண்ணும் இரண்டு முகங்களில் வரும். மூன்றுக்கும் சராசரி 5 என்பதால், சராசரியைப் பார்த்து எதையும் பிரிக்க முடியாது. ஆனாலும் முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது முதலாவதையும் ஒன்பதில் ஐந்து என்ற நிகழ்தகவுடன் வெல்கின்றன. இது எஃப்ரானின் மூன்றில் இரண்டைவிட மெல்லிய பலம். ஐந்து உருட்டலிலும் வெற்றி வாய்ப்பு 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும்.

இந்த மூன்றை வைத்து இன்னொரு சோதனை செய்யலாம். ஒவ்வொருவரும் தம் பகடையை இரண்டு முறை உருட்டிக் கூட்டுத்தொகையை ஒப்பிடட்டும். ஒருமுறை உருட்டியபோது வென்ற பகடை இரண்டு முறை உருட்டினால் இன்னும் உறுதியாக வெல்லும் என்றே தோன்றும். நடப்பது வேறு. முதல் பகடைக்கும் இரண்டாவதுக்கும் இடையே உள்ள 81 சாத்தியங்களில் இப்போது 44 இரண்டாவதுக்கும் 37 முதலாவதுக்கும் போகின்றன, வென்றது தோற்கிறது. மற்ற இரண்டு மோதல்களில் பழைய வெற்றியாளரே நீடித்தாலும் 39க்கு 38 என்று மயிரிழையில்தான். மீதி 4 சமநிலை. ஆக, இரண்டாவது பகடை மற்ற இரண்டையும் வென்று தலைமை பெறுகிறது, வட்டம் காணாமல் போகிறது. பல உருட்டல்களில் ஒவ்வொரு வெற்றியையும் தனித்தனியே எண்ணுவதும், புள்ளிகளைக் கூட்டி ஒப்பிடுவதும் வேறுவேறு ஆட்டங்கள். இந்தப் பகடைகளோடு ஆடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுவே.

இந்த வட்டத்தின் பலத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பகடைகளில் எந்த எண்களை எழுதினாலும், முகங்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும், மூன்று பகடை வட்டத்தில் எல்லா மோதலிலும் ஒருசேர எட்டக்கூடிய நிகழ்தகவு சுமார் 0.618ஐத் தாண்டாது, தங்க விகிதத்தோடு தொடர்புடைய அதே எண். நான்கு பகடைகளுக்கு வரம்பு மூன்றில் இரண்டு. அதாவது எஃப்ரானின் தொகுதி இருக்கக்கூடியதிலேயே சிறந்தது. வெறும் ஆறு முகங்களில் அவர் அதைச் சரியாகத் தொட்டுவிட்டார். பகடைகளை ஐந்து, ஆறு என்று கூட்டிக்கொண்டே போனால் வரம்பு நான்கில் மூன்றை நெருங்கும், ஆனால் அதை மீறாது.

இந்தச் சிந்தனை சூதாட்டத்தில் தொடங்கவில்லை. போலந்துக் கணிதவியலாளர்கள் ஹூகோ ஸ்டெயின்ஹவுஸும் ஸ்தானிஸ்வாஃப் திரிபூவாவும் 1959இலேயே, நிகழ்தகவைப் பயன்படுத்தும் இடங்களில் வரும் ஒரு முரணாக இதை எழுதியிருந்தார்கள். மருந்துச் சோதனையிலும் பயிர் ஆராய்ச்சியிலும் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. இரண்டு குழுக்களை ஒப்பிட, ஒரு குழுவிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் எடுத்து யாருடைய அளவு பெரிது என்று பார்ப்பதற்குச் சமமான தர வரிசைச் சோதனைகள் உண்டு. மான்–விட்னி சோதனை அவற்றுள் பரவலானது. மூன்று சிகிச்சைகளை இரண்டிரண்டாக இப்படி ஒப்பிட்டால், முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல், மூன்றாவது முதலாவதைவிட மேல் என்று முடிவு வரக்கூடும். தரவில் பிழை இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்படி வந்தால் ஆராய்ச்சியாளர் முதலில் பார்க்க வேண்டியது மூன்று குழுக்களின் பரவல் வடிவத்தை. ஒரு சிகிச்சையில் பலருக்குச் சிறு நன்மையும் சிலருக்குப் பெருந்தீங்கும், இன்னொன்றில் சிலருக்கு மட்டும் பெருநன்மையும் இருந்தால், அங்கே சிவப்புப் பகடையும் பச்சைப் பகடையும் உட்கார்ந்திருக்கின்றன. எது சிறந்தது என்பதற்கு விடை, எத்தனை பேர் தேறினார்கள் என்பதா, எவ்வளவு தேறினார்கள் என்பதா என்ற கேள்வியை முன்கூட்டியே தீர்த்துக்கொண்டால்தான் கிடைக்கும்.