'கவனயீனம்' என்று எழுதுவதற்கு முன்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களும் மாவு ஆலையும், கொட்பே பக்கத்தில் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. பாரம் தூக்கும் வயர்க்கயிறும் பார ஊர்தியும் ஓடிக்கொண்டிருக்கும் இப்படியான இடங்களில் விரல் நசுங்குவதும் கால் வழுக்குவதும் அரிதல்ல. அப்படி ஒன்று நடந்த அன்று மாலை, மேற்பார்வையாளர் அலுவலகத்தில் ஒரு கொப்பி விரியும். அதில் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வரி விழும்: 'தொழிலாளியின் கவனயீனத்தால் கையில் காயம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டது.'

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு காப்புறுதி நிறுவனத்தால் பணம் கொடுக்கவும் முடியாது, தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளரால் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இந்த இருவரும் ஒரே தாளை வேறு வேறு கேள்வியோடு படிக்கிறார்கள். நட்டஈட்டுக்கு அடிப்படை, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தா என்பதுதான் அதன் கேள்வி. எந்த வேலை, யார் சொல்லிச் செய்தது, எந்த இடம், எத்தனை மணி என்ற விவரங்களைத்தான் காப்புறுதிக்காரர் தேடுவார். பரிசோதனைப் பொறியியலாளரின் கையில் இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். எது உடைந்தது, அது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று அவர் கேட்பார்.

இரண்டு கேள்விக்கும் 'கவனயீனம்' பதில் ஆகாது. நட்டஈட்டுச் சட்டத்தின்படி ஒரு தொழிலாளி கவனம் தவறியிருந்தாலும் அவருடைய உரிமை போய்விடுவதில்லை. மது அல்லது போதையில் இருந்தது, பாதுகாப்புக்கென வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய சில காரணங்களே உரிமையைத் தடுக்கும். அறிக்கையில் பொத்தாம்பொதுவாக விழும் அந்த ஒற்றைச் சொல், இல்லாத தடையை இருப்பதுபோல் காட்டிவிடுகிறது. வருடக்கணக்கில் இழுபடும் வாதத்துக்கு அதுவே தொடக்கமாகிவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலின் ஹட்ச்சிலிருந்து இரும்புத் தகடுகள் வயர் ஸ்லிங்கில் தூக்கப்படுகின்றன. ஒரு பக்க வயர் நழுவ, பாரம் சரிந்து ஆடுகிறது. அதைப் பிடித்து வழிப்படுத்திக்கொண்டிருந்தவரின் இடக்கை, ஹட்ச்சின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையில் அகப்பட்டு நசுங்குகிறது. இது ஏற்கப்படும் அறிக்கையாக எழுதப்பட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'காலை 10.40. இரண்டாம் ஹட்ச், கரைப்பக்க விளிம்பு. சிக்னல்காரரின் சைகைப்படி நான்காவது தூக்கு மேலே வந்தது. தகடுகள் விளிம்பை விட ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தபோது கடல் பக்க வயர் நழுவியதை சிக்னல்காரரும் இன்னொரு தொழிலாளியும் பார்த்தனர். காயம்: இடக்கை சுட்டுவிரல், நுனிக் கணு நசுங்கியது. 10.50க்கு முதலுதவி. 11.15க்கு மருத்துவமனை.'

இதில் ஊகம் ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டது மட்டுமே இருக்கிறது, கண்டவர் யார் என்பதும் இருக்கிறது. வயர் ஏன் நழுவியது என்பது விசாரணைக்குப் பிறகு, வேறு தலைப்பின் கீழ், வேறு திகதியோடு வரவேண்டிய விஷயம்.

காயத்தை எழுதியிருக்கும் விதத்தையும் பாருங்கள். 'கையில் காயம்' என்று அதில் இல்லை. நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, நிரந்தரக் காயங்களுக்கு உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போட்டு வைத்திருக்கிறது. எந்த விரல், எத்தனை கணு என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும். 2022இன் திருத்தத்தில் உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்திருக்கிறது. விரலின் பெயர் அறிக்கையில் ஒன்றாகவும் மருத்துவமனையின் டயக்னோசிஸ் கார்டில் இன்னொன்றாகவும் இருந்தால், கோரிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இடம், வலம் மாறுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அறிக்கையில் ஒப்பமிடுவதற்கு முன் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டால் போதும். நேரத்தையும் வரவுப் பதிவேட்டோடு அப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

பரிசோதனைப் பொறியியலாளருக்கு அந்த வயர்தான் முக்கிய சாட்சி. அதை அவிழ்க்கும் முன்பே படம் எடுக்க வேண்டும். முழுக் காட்சி ஒன்று, வயரின் கண்ணி அருகில் அளவுகோல் வைத்து இன்னொன்று. அளவுகோல் எதற்கு? சர்வதேசத் தொழில் அமைப்பின் துறைமுகப் பாதுகாப்பு வழிகாட்டலின்படி, வயரின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளத்துக்குள் அறுந்து தெரியும் கம்பிகள் மொத்தக் கம்பிகளில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வயரைப் பயன்படுத்தக்கூடாது. 16 மி.மீ. வயரில் ஆறு புரி, புரிக்கு 19 கம்பி என்றால் மொத்தம் 114. 160 மி.மீ. நீளத்தில் ஆறு கம்பி அறுந்திருந்தாலே அது கழிக்க வேண்டிய வயர். படத்தில் அளவுகோல் இருந்தால் இதை யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். 'வயர் பழசு' என்று எழுதியிருந்தால் எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

இனி, அறிவிப்பு. உயிரிழப்பு நேர்ந்தாலோ, காயப்பட்டவர் தன் வழக்கமான வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாத நிலை மூன்று நாளைத் தாண்டினாலோ, பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்து மூல அறிவித்தல் தாமதமின்றிப் போக வேண்டும். பல இடங்களில் சறுக்குவது 'வழக்கமான வேலை' என்ற சொற்களில்தான். விரலில் கட்டோடு வந்தவரை இரண்டாம் நாளே கேற்றடியில் கதிரை போட்டு உட்கார வைத்து, 'வேலைக்கு வந்துவிட்டார்' என்று பதிவேட்டில் குறிப்பார்கள். அவர் ஹட்ச்சில் வேலை செய்தவர். கேற்றடியில் இருந்த நாட்கள் அந்த மூன்று நாள் கணக்கை நிறுத்துவதில்லை.

ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளி என்றால் இன்னொரு படி உண்டு. அவருடைய சம்பளம் யார் கையால் வந்தாலும், விபத்து நடந்த இடத்தை நடத்துபவருக்கு ஒப்பந்தக்காரர் உடனே தெரிவிக்க வேண்டும். அறிக்கையில் இரண்டு பேருடைய பெயரும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்று இரு பக்கமும் சொல்லும் நிலை வந்துவிடும்.

திருகோணமலையில் மொழியும் அறிக்கையின் ஒரு பகுதி. ஹட்ச்சில் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும். அறிக்கை பல இடங்களில் ஆங்கிலத்தில் தயாராகும். தமிழ் பேசும் சாட்சி வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைத்தால், விசாரணையில் 'இதை நான் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னாலே அந்தத் தாள் விழுந்துவிடும். அவர் சொன்னதை அவருடைய மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்து, மொழிபெயர்த்தவர் யார் என்றும் குறிக்க வேண்டும்.

பிழை கண்டால் வெள்ளை மை தடவக் கூடாது. தவறான சொல்லின் மேல் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் திகதியும் சுருக்கொப்பமும். பிறகு தெரியவந்த செய்தி என்றால் 'மேலதிகக் குறிப்பு' என்று புதுத் தாளில் எழுதி இணைக்க வேண்டும். முதல் தாளை மாற்றி எழுதியது தெரிந்தால், உள்ளே இருக்கும் உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அந்த ஸ்லிங்கை வேலைக்குத் திருப்பி அனுப்பவோ எறியவோ கூடாது. திகதியும் ஹட்ச் இலக்கமும் எழுதிய அட்டையைக் கட்டி, அதன் கடைசிப் பரிசோதனைச் சான்றிதழின் பிரதியோடு பூட்டிய அலுமாரியில் வைக்க வேண்டும். பொறியியலாளர் வந்து எண்ணிப் பார்க்கும் வரைக்கும் சாவி ஒருவர் கையில் இருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அறிக்கையின் கடைசி வரியில் எழுதிவிடலாம்.