ஏழு வாரம் கழித்து வந்த குளிர்

வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து, எடை 60 கிலோ. ஒருநாள் மதியம் திடீரென்று உடம்பு தூக்கிப் போடுகிற குளிர். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் குளிர் விட்டு அனலாய்க் கொதிக்கிறது, பிறகு வேர்த்துக் கொட்டி அடங்குகிறது. ஒருநாள் விட்டு அதே நேரத்துக்கு மறுபடி. விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மலேரியா, வைவாக்ஸ் வகை. மருந்து தருகிறார்கள், மூன்றே நாளில் காய்ச்சல் போய்விடுகிறது. ஏழு வாரம் கழித்து அதே குளிர் திரும்ப வருகிறது.

அவர் கேட்கிற கேள்வி நியாயமானது: "மருந்து வேலை செய்யலையா? கிருமிக்குப் பழகிப்போச்சா?" இதற்குப் பதில் சொல்ல, அவருக்குக் கொடுத்த இரண்டு மாத்திரைகளும் ஒட்டுண்ணியை எந்த இடத்தில் வைத்துத் தாக்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு உள்ளே போகும் ஒட்டுண்ணி நேராக ரத்தத்தில் தங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. அங்கே சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகி, ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்துக்குள் இறங்குகிறது. சிவப்பணுவுக்குள் புகுந்து, தின்று, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அணுக்கள் கூட்டமாக உடைகிற நேரம்தான் குளிர் எடுக்கிற நேரம். வைவாக்ஸுக்கு இந்தச் சுற்று முடிய 48 மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் அடிப்பதற்குக் காரணம் அதுதான்.

அவருக்குக் கொடுத்த முதல் மருந்து குளோரோகுயின். உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்பது மொத்த அளவு. அறுபது கிலோவுக்கு 1500 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மருந்துச் சத்துள்ள மாத்திரையாக முதல் நாள் நான்கு, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு, ஆக மொத்தம் பத்து. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் சாப்பாடு ஹீமோகுளோபின். அதைச் செரிக்கும்போது மிஞ்சுகிற ஹீம் அதற்கே விஷம். அந்த விஷத்தைப் படிகமாக்கி ஓரங்கட்டி வைத்துத்தான் அது பிழைக்கிறது. குளோரோகுயின் இந்தப் படிகம் கட்டும் வேலையைத் தடுத்துவிடுகிறது. தன் குப்பையிலேயே ஒட்டுண்ணி செத்துப்போகிறது.

ஆக, ஹீமோகுளோபினைத் தின்கிற ஒட்டுண்ணியைத்தான் குளோரோகுயின் கொல்லும். கல்லீரல் அணுவுக்குள் ஹீமோகுளோபின் இல்லை. அங்கே இருக்கும் ஒட்டுண்ணியை இந்த மருந்து ஒன்றும் செய்யாது.

வைவாக்ஸின் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. கல்லீரலுக்குள் போனவற்றில் சில உடனே பெருகாமல் அப்படியே உறங்கிவிடும். ஹிப்னோசோயிட் என்று இவற்றுக்குப் பெயர். இவை வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு விழித்தெழும். அப்போது புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலே காய்ச்சல் வரும். இவற்றைக் கொல்லத்தான் இரண்டாவது மருந்து, பிரைமாகுயின். நம் நாட்டு நடைமுறைப்படி கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். நம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 7.5 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தால் தினம் இரண்டு, மொத்தம் 28.

அவர் ஐந்து நாள் சாப்பிட்டார். "காய்ச்சல்தான் நின்னுடுச்சே" என்று விட்டுவிட்டார். வெறும் வயிற்றில் போட்டதால் வயிற்று வலியும் இருந்தது. பிரைமாகுயின் சேரவேண்டிய மொத்த அளவு 210 மில்லிகிராம், உள்ளே போனது 75. உறங்கும் ஒட்டுண்ணி சாவது பெரும்பாலும் இந்த மொத்த அளவைப் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்கு மருந்துக்கு அதன் தூக்கம் கெடாது.

அப்படியானால் மருந்து எதிர்ப்பு என்ற சந்தேகத்தை எப்போது எழுப்பலாம்? நாட்களை எண்ண வேண்டும். குளோரோகுயின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டவரின் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஒட்டுண்ணியை அடக்கும் அளவுக்கு இருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள், அதாவது 28 நாளுக்குள், ரத்தத்தில் ஒட்டுண்ணி மறுபடி தென்பட்டால், அது எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, மருந்து இருக்கும்போதே வாழ்ந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் ஆய்வாளர்கள் உடனே முடிவு கட்டுவதில்லை. மாத்திரையை வாந்தி எடுத்தாரா, அளவு குறைவா என்று கேட்டு, ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்கு மேல் இருந்தும் ஒட்டுண்ணி பெருகினால்தான் எதிர்ப்பு உறுதி. வைவாக்ஸில் இப்படி ஒன்றை முதலில் கண்டது 1989இல், பாப்புவா நியூ கினியில்.

நம் ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தது ஏழாவது வாரம். குளோரோகுயின் அளவு வடிந்துபோன பிறகு, கல்லீரலில் உறங்கியது எழுந்து வந்திருக்கிறது. புதுக்கொசு கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசு இருக்கும்வரை அதை மறுக்க முடியாது. உறங்கி எழுந்ததா, புதிதாக வந்ததா என்று ஒட்டுண்ணியின் மரபணுவைப் பார்த்தும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால் ஒருவர் கல்லீரலிலேயே வெவ்வேறு கொசுக்கடியில் வந்த பல வகைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் குளோரோகுயின் தோற்றது என்று சொல்ல இங்கே ஆதாரமில்லை. மறுபடியும் அதே பத்து மாத்திரை கேட்கும்.

ஃபால்சிபாரம் என்ற மற்ற வகையில் கதை வேறு. அதற்குக் கல்லீரலில் உறங்கும் வடிவம் கிடையாது. ஆனால் குளோரோகுயினை அது வென்றுவிட்டது. 1950களின் கடைசியில் தாய்லாந்து, கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் முதலில் தெரிந்தது. ஒட்டுண்ணியின் செரிமானப் பைச் சுவரில் இருக்கும் ஒரு புரதம் மாறிப்போய், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. அதனால் ஃபால்சிபாரத்துக்கு இப்போது ஆர்ட்டிமிசினின் வகை மருந்தை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தருகிறார்கள். அந்தத் துணை மருந்து தோற்றாலும் சிகிச்சை தோற்கும். வடகிழக்கு மாநிலங்களில் அப்படி ஆனதால் 2013இல் அங்கே மட்டும் துணை மருந்தை மாற்றினார்கள். ஃபால்சிபாரக்காரர்களுக்கும் பிரைமாகுயின் உண்டு, ஆனால் ஒரே ஒரு வேளை. அங்கே அதன் வேலை கல்லீரலில் இல்லை. ரத்தத்தில் மிதக்கும் ஆண், பெண் வடிவங்களைக் கொன்று, கடிக்கிற கொசுவுக்கு நோய் போகாமல் தடுப்பதுதான். ஒரே மாத்திரை ஒருவருக்கு 14 நாள், இன்னொருவருக்கு ஒரு வேளை என்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே நாளில் முடிந்ததே என்று குழம்பக் கூடாது.

பிரைமாகுயின் இவ்வளவு முக்கியமென்றால் எல்லாருக்கும் தாராளமாகக் கொடுத்துவிடலாமே? முடியாது. 1940களில் தொடங்கி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்தார்கள். பிரைமாகுயின் வகை மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்து, சிறுநீர் கறுத்துப் போயிற்று. காரணம் 1956இல் தெரிந்தது. அவர்களுடைய சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தது. சிவப்பணு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அந்த நொதி. பிரைமாகுயின் உடம்பில் மாறும்போது உண்டாகிற பொருட்கள் அணுவைத் துருவேற்றுகின்றன. நொதி உள்ளவர் தாங்கிக்கொள்வார், இல்லாதவருக்கு அணு உடையும்.

இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அது பழுதானால் குறைபாடு முழுதாகத் தெரியும். பெண்ணுக்கு இரண்டில் ஒன்று பழுதாக இருந்தால் பாதி அணுக்கள் நல்லதும் பாதி கெட்டதுமாக இருக்கும். சாதாரணச் சோதனையில் அவர் தேறிவிடலாம், மருந்தில் மாட்டிக்கொள்ளலாம். சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நொதி குறைந்த பழைய அணுக்கள் முதலில் போய்விடும். மிச்சமிருக்கும் இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருக்கும். அப்போது எடுக்கிற சோதனை 'எல்லாம் சரி' என்று தப்பாகச் சொல்லக்கூடும்.

ஆபத்தை வீட்டிலேயே கண்டுகொள்ள முடியும். மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போவது, கண்ணில் மஞ்சள், படியேறினால் மூச்சு வாங்குவது, முதுகுவலி. இவற்றில் எது தெரிந்தாலும் பிரைமாகுயினை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதடும் நகமும் நீலம் பாரிப்பது இன்னொரு அடையாளம். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறும்போது அப்படி ஆகும். வயிற்று வலி மட்டும்தான் என்றால் பயமில்லை, சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் அடங்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கிடையாது. தாயைச் சோதித்தாலும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நொதி நிலை தெரியாது என்பது காரணம். பிரசவம் முடிந்து, பாலூட்டும் தொடக்க மாதங்கள் கழிந்த பிறகு தருவார்கள்.

குறைபாடு இருப்பவருக்கும் வழி அடைபடவில்லை. கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒரு வேளை, எட்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில் தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் பழைய அணுக்கள்தான் உடையும், அடுத்த வாரத்துக்குள் புது அணுக்கள் வந்துவிடும் என்பது கணக்கு. ஒரே வேளையில் முடிகிற டாஃபெனோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஒருமுறை உள்ளே போனால் அது பல வாரம் உடம்பில் நிற்கும். ரத்தம் உடையத் தொடங்கினாலும் நிறுத்த வழியில்லை. அதனால் நொதி இயல்பளவில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

மறுபடி வைவாக்ஸ் என்று தெரிந்ததும் நம் ஓட்டுநருக்கு இம்முறை முதலில் ஜி6பிடி பார்த்தார்கள். சரியாக இருந்தது. அதே பத்து குளோரோகுயின், அதே 28 பிரைமாகுயின். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை என்று நேரம் மாற்றிக் கொடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர் சொன்னது இதுதான்: "அண்ணே, குளோரோகுயின் காய்ச்சலுக்கு. அது மூணு நாள்ல முடிஞ்சிரும். இந்த இருபத்தெட்டும் அடுத்த காய்ச்சலுக்கு. அது இப்ப உங்களுக்குத் தெரியாது, அதனால உடம்ப வச்சு முடிவு பண்ணாதீங்க, அட்டைய வச்சு முடிவு பண்ணுங்க." ஆறாம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அட்டையில் இன்னும் பதினெட்டு மாத்திரை இருந்தது.